நாற்பது நாள் கடந்த பாக்கிக்கு எழுதும் கடிதம்

சங்கங்களுக்கு ஆய்வுக்குச் செல்லும்போது வரவேண்டிய பாக்கிப் பதிவேட்டோடு கடிதக் கோப்பையும் நாம் கேட்டு வாங்கிப் பார்ப்பது வழக்கம். பதிவேடு பாக்கி எவ்வளவு என்பதைச் சொல்லும். அந்தப் பாக்கியை வசூலிக்கச் சங்கம் என்ன செய்தது என்பதைக் கோப்புத்தான் சொல்லும். பல கோப்புகளில் நாம் காண்பவை இரண்டு வகைக் கடிதங்களே. ஒன்று, "சங்கம் பெரிதும் கஷ்டத்தில் இருக்கிறது, தயவு கூர்ந்து உதவ வேண்டும்" என்று கெஞ்சுவது. மற்றொன்று, "உடனே பணம் வராவிடில் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மிரட்டுவது. இரண்டிலும் எந்தப் பட்டியலுக்கு எத்தனை ரூபாய், எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்ற விவரம் இராது. முதற் கடிதத்தைப் படிக்கும் வியாபாரி, இவர்கள் இன்னும் பொறுப்பார்கள் என்று முடிவு செய்கிறார். இரண்டாவதைப் படிப்பவர் கோபம் கொள்கிறார், அல்லது என்ன நடவடிக்கை என்று எழுதத் தெரியாதவர்கள் அதை எடுக்கவும் மாட்டார்கள் என்று கண்டுகொள்கிறார். பணம் வருவதில்லை.

ஆகவே இவ்விதழில் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எவ்வாறு எழுதுவது என்று பார்ப்போம். தவணை கடந்து நாற்பது நாட்கள் ஆன பாக்கிக்கு எழுதும் நினைவுக் கடிதம் அது. பத்து நாள் தாமதத்துக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூறு நாள் ஆகிவிட்டால் வக்கீலைப் பார்க்க வேண்டியிருக்கும். இடையிலே உள்ள இந்தக் காலத்தில் வியாபாரி இன்னும் நமது வாடிக்கைக்காரரே. அவர் பணம் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதே சமயம், தாமாகத் தரப்போவதில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஈரோட்டுப் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, நகரத்து ஜவுளிக்கடை ஒன்றுக்கு 120 படுக்கை விரிப்புகளைத் தலைக்கு 700 ரூபாய் விலையில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் மதிப்பு ரூ. 84,000. நூற்றுக்கு 5 வீதம் சரக்கு மற்றும் சேவை வரி ரூ. 4,200. ஆக, பட்டியல் தொகை ரூ. 88,200. பட்டியல் தேதி 10-7-2025. அன்றே சங்கத்தின் வண்டியிலேயே சரக்கு போய்ச் சேர்ந்து, கடைக்காரர் சரக்குச் சீட்டில் கையொப்பமும் முத்திரையும் இட்டார். அன்றே ரூ. 28,200 வங்கி வழியாக அனுப்பினார். மீதி 60,000 ரூபாயை 30 நாளில் தருவதாக அவர் கொடுத்த ஆர்டர் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். தவணை நாள் 9-8-2025. செப்டம்பர் 18ஆம் தேதியன்று பார்த்தால் தவணை கடந்து 40 நாட்கள் ஆகின்றன.

இந்த 60,000 ரூபாய் யாருடைய பணம் என்பதையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நூல் வாங்கிய கடன் அதில் இருக்கிறது. பாவு ஓட்டியவருக்கும் தறியில் அமர்ந்தவருக்கும் கூலி முன்பே கொடுத்தாகிவிட்டது. அந்தக் கூலி மத்தியக் கூட்டுறவு வங்கியின் காசுக் கடன் கணக்கிலிருந்து எடுத்தது. அதற்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பாக்கி நாட்பட்டுப் போனால், சங்கம் வங்கியிடமிருந்து எடுக்கக்கூடிய தொகையைக் கணக்கிடும்போது வங்கி அதைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிடவும் கூடும். அப்போது அடுத்த பாவுக்கு நூல் வாங்கும் பணம் குறையும். கடைக்காரரின் தாமதம் இவ்வாறாகத் தறி வரையில் வந்து சேர்கிறது. இது சங்கத்துக்குள் நாம் அறிந்திருக்க வேண்டிய விஷயம். கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தில் இதற்கு இடமில்லை என்பது நமது அபிப்பிராயம். அவர் தர வேண்டியது கடன். நமது கஷ்டத்தைக் காட்டிக் கேட்டால் அது தருமமாகிவிடும்.

பேனாவை எடுக்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கடைக்காரரின் பேரேட்டுக் கணக்கோடு அனாமத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். வங்கி வழியாக வரும் தொகை சில சமயம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத வண்ணம் ஏதோ ஒரு குறியீட்டு எண்ணோடு மட்டும் வந்து சேரும். கடைக்காரர் தமது பெயரிலே அனுப்பாமல், மகன் பெயரிலோ வேறொரு கடையின் பெயரிலோ உள்ள கணக்கிலிருந்து அனுப்பியிருப்பார். நமது குமாஸ்தா அதை அனாமத்தில் வைத்துவிட்டு மறந்திருப்பார். பணம் கொடுத்தவருக்கே பாக்கிக் கடிதம் போனால், அந்தச் சங்கத்தின் அடுத்த பத்துக் கடிதங்களையும் அவர் மதிக்கமாட்டார். பிறகு, திருப்பி அனுப்பிய சரக்கு ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். சாயம் சீரில்லை என்று ஐந்து விரிப்புகள் திரும்பி வந்திருந்து, அதற்குரிய தள்ளுபடிச் சீட்டை நாம் கொடுக்காமல் இருந்தால், பாக்கி 60,000 அன்று. தொகை தவறாக இருக்கும் கடிதத்துக்குப் பதிலாக வருவது பணம் அல்ல, வாதம்.

மூன்றாவதாக, கையில் என்னென்ன சீட்டு இருக்கிறது என்று எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். 30 நாள் தவணை எழுதிய ஆர்டர் கடிதம், பட்டியல் நகல், முத்திரையிட்ட சரக்குச் சீட்டு ஆகிய மூன்றும் இருந்தால் கடிதம் தானே எழுதிக்கொள்ளும். தவணையை வாய்ச்சொல்லாகவே பேசி முடித்திருந்தால் அது வேறு கதை. அதற்குப் பின்னர் வருவோம்.

இனி, கடிதம்.

"நாள்: 18-9-2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் ஆர்டரின்படி எமது சங்கம் 10-7-2025 தேதியிட்ட 214ஆம் எண் பட்டியலில் 120 படுக்கை விரிப்புகளை அனுப்பியது. அவை அன்றே தங்கள் கடையில் பெற்றுக்கொள்ளப்பட்டன. பட்டியல் தொகை வரி உட்பட ரூ. 88,200. தாங்கள் அன்று செலுத்திய ரூ. 28,200-ஐ நன்றியுடன் வரவு வைத்துள்ளோம். மீதி ரூ. 60,000.

தங்கள் ஆர்டர் கடிதத்தில் குறித்தவாறு இத்தொகை 9-8-2025க்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இன்றுடன் அந்நாள் கடந்து 40 நாட்கள் ஆகின்றன. இந்நாள் வரை சரக்கின் தரம் பற்றியோ அளவு பற்றியோ தங்களிடமிருந்து எழுத்து மூலமான ஆட்சேபம் எதுவும் எமக்கு வரவில்லை.

இத்தொகையை 26-9-2025, வெள்ளிக்கிழமைக்குள், கீழே குறித்துள்ள சங்கக் கணக்கில் செலுத்தி, செலுத்திய விவரத்தைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இதற்கிடையில் பணம் அனுப்பியிருப்பின், அனுப்பிய தேதியையும் வங்கிக் குறிப்பு எண்ணையும் தெரிவித்தால் உடனே சரிபார்த்துக்கொள்வோம்.

எமது சங்கம் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006இன் கீழ்ப் பதிவு பெற்றது. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, தவணை நாளுக்கு மறுநாளாகிய 10-8-2025 முதல் இத்தொகைக்கு வட்டி சேர்கிறது. அசல் மேற்குறித்த நாளுக்குள் வந்து சேர்ந்தால், வட்டியைக் குறித்து முடிவு செய்யும்படி நிர்வாகக் குழுவின் முன் வைப்போம். வாராவிடில், அசலையும் வட்டியையும் கோரி, குறு மற்றும் சிறு தொழில்கள் வசதியாக்க மன்றத்தில் மனுச் செய்வது பற்றி அடுத்த குழுக் கூட்டம் முடிவு செய்யும்.

இத்துடன் கணக்கு நகலும் பாக்கி உறுதிச் சீட்டும் இணைத்துள்ளோம். கணக்கில் வேறுபாடு ஏதேனும் இருப்பின் சீட்டில் குறித்தும், இல்லையேல் கையொப்பமிட்டும் திருப்பி அனுப்பக் கோருகிறோம்.

இப்படிக்கு,
காரியதரிசி"

கடிதம் இவ்வளவே. ஒரு பக்கத்தில் அடங்கும். இதில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. "நாணயம்", "நம்பிக்கைத் துரோகம்" போன்ற சொற்களை நாம் வேண்டுமென்றே விலக்கியிருக்கிறோம். உறுதி தேதிகளிலும் தொகைகளிலும் இருக்கிறது. சில வரிகளை ஏன் எழுதினோம் என்பதை மட்டும் விளக்குவோம்.

"26-9-2025, வெள்ளிக்கிழமை" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். "உடனடியாக" என்றோ "ஒரு வாரத்துக்குள்" என்றோ எழுதினால், அது என்றைக்கு முடிகிறது என்பதைப் படிப்பவர் தமக்கு வேண்டியபடி வைத்துக்கொள்வார். கடிதம் கைக்குக் கிடைத்த நாளே தெரியாதபோது ஒரு வாரம் எதிலிருந்து? தேதியும் கிழமையும் போட்டால் அது வங்கி வேலை நாளா என்பதை நாமே பார்த்துக்கொள்வோம். அடுத்த நாளாகிய 27ஆம் தேதி மாதத்தின் நான்காம் சனிக்கிழமை. அன்று வங்கி இல்லை.

ஆட்சேபம் வரவில்லை என்ற வரி சாதாரணமாகத் தோன்றினாலும், கடிதத்தின் முதுகெலும்பு அதுதான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே அதை ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். பணம் கேட்டவுடன் "சாயம் போகிறது" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. 70 நாள் சும்மா இருந்துவிட்டுச் சொல்லும் சாயத்துக்கு உரிய மதிப்பையே அதற்குத் தரலாம். ஆனால் ஆட்சேபம் உண்மையாகவே உரிய காலத்தில் வந்திருந்தால், இந்த வரியை எழுதவே கூடாது. அதைத் தீர்த்துவைத்த நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

வட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்லும் வட்டி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு. மாதம்தோறும் அசலுடன் சேரும் கூட்டு வட்டி அது. நமது உதாரணத்தின் காலத்தில், அதாவது 2025 ஜூன் 6 முதல், வங்கி விகிதம் நூற்றுக்கு 5.75 ஆக இருந்தது. மும்மடங்கு 17.25. அறுபதாயிரத்துக்கு முதல் மாத வட்டி ரூ. 862.50. அதைச் சேர்த்த தொகைக்கு அடுத்த 9 நாள் வட்டி ஏறக்குறைய 259 ரூபாய். ஆக, செப்டம்பர் 18 வரை சுமார் ரூ. 1,121. பெரிய தொகை அன்றுதான். எனினும் கடைக்காரர் வேறெங்கும் கடன் வாங்கினால் தரும் வட்டியோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பார். நமது பாக்கி அவருக்கு வட்டியில்லாத முதலாக இருக்கும் வரையில் அதை அவர் கடைசியாகத்தான் தீர்ப்பார். அதற்கு விலை உண்டு என்று தெரிந்தால் வரிசையில் சற்று முன்னே வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பணம் வந்தால் வட்டியை விட்டுவிடுகிறோம் என்று காரியதரிசி தாமாகவே எழுதிவிடக் கூடாது. அந்த 1,121 ரூபாய் அங்கத்தினர்களுடையது. அதை விடுவதானால் நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். தீர்மானமின்றி விட்ட வட்டி தணிக்கையில் ஆட்சேபக் குறிப்பாக வந்து, விட்டவர் மீதே விழும். ஆகையால்தான் கடிதத்தில் "குழுவின் முன் வைப்போம்" என்று மட்டும் எழுதினோம். கடைக்காரருக்கு ஒரு வழி திறந்திருப்பதும் தெரிகிறது. காரியதரிசியின் கையும் கட்டுப்படவில்லை.

இச்சட்டத்தைக் கடிதத்தில் எடுத்துச் சொல்லச் சங்கத்துக்கு உரிமை இருக்க வேண்டும். குறு, சிறு தொழில்கள் உற்பத்தி செய்த சரக்கை விற்கும் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தையும் சட்டம் "வழங்குபவர்" என்ற சொல்லில் அடக்குகிறது. எனினும், சரக்கு அனுப்பும் முன்பே சங்கத்துக்கு உத்யம் பதிவு இருந்தால்தான் வாதத்துக்கு இடமில்லாமல் நிற்கும். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்துகொண்டு பழைய பட்டியலுக்கு உரிமை கோருவது கரடுமுரடான வழி. பதிவு எண்ணைப் பட்டியலிலேயே அச்சிட்டுவிடுவது நலம்.

வேளாண் விளைபொருள் சங்கத்தார் இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். மஞ்சளையோ வாழைத்தாரையோ அங்கத்தினரிடம் பெற்று அப்படியே விற்கும் சங்கம், மேற்கண்ட வட்டிப் பத்தியை எடுத்து ஒட்டிக்கொள்ளலாகாது. விவசாயமும், வெறும் வாங்கி விற்பதும் அச்சட்டத்தின் தாமதப் பணப் பாதுகாப்புக்குள் எளிதாக வருவதில்லை. அவர்களுக்கு 1978ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் இருக்கிறது. வட்டி கோரப்படும் என்று எழுத்து மூலம் அறிவித்தால், அந்த அறிவிப்பில் குறித்த நாளிலிருந்து வட்டி வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே அவர்கள் கடிதத்தில், "இக்கடிதத் தேதி முதல் நிலுவைத் தொகைக்கு வட்டி கோரப்படும்" என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரி இல்லாத நினைவுக் கடிதங்களைத்தான் நாம் கோப்புகளில் அதிகம் காண்கிறோம். எழுதாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அந்த வட்டியைக் கேட்கும் பிடிப்பு ஒன்று குறைகிறது. ஒப்பந்தத்திலேயே வட்டி விகிதம் எழுதியிருந்தால் இந்தச் சிரமமும் இல்லை.

வாய்ச்சொல்லாகத் தவணை பேசியவர்களைப் பற்றி முன்னே குறித்தோம். 2006ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் உள்ள தவணையை மட்டுமே மதிக்கிறது. அதுவும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேற்படாமல். 90 நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் 45தான் நிற்கும். எழுத்தே இல்லையென்றால் 15 நாள். ஆகவே, ஜவுளி வியாபாரத்தில் சாதாரணமாகப் பேசும் "தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்வோம்" என்ற தவணை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப் பேசிய சங்கம் நாற்பது நாள் தாமதம் என்று எழுதும்போது, எதிலிருந்து நாற்பது என்று கடிதத்திலேயே விளக்க வேண்டியிருக்கும். அப்போதும் வாக்குக் கொடுத்தவர் நாமே ஆனால், சட்டம் 15 நாள் என்கிறது என்று திடீரென்று பிடித்துக்கொள்வது மரியாதையன்று. சட்டப் பேச்சை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொண்டு, இம்முறை ஒரு தேதியை எழுத்தில் வாங்குவதே விவேகம்.

பாக்கி உறுதிச் சீட்டைப் பலர் அலங்காரமாக நினைக்கிறார்கள். நாமோ கடிதத்தைவிட அதையே மேலாகக் கருதுகிறோம். காரணம், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். தவணையிட்டு விற்ற சரக்கின் விலைக்கு, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நமது உதாரணத்தில் 2028 ஆகஸ்டு 9. நாம் எத்தனை கடிதம் எழுதினாலும் அந்த நாள் ஒரு நாளும் தள்ளிப்போகாது. ஆண்டுக்கு நான்கு நினைவுக் கடிதம் ஒழுங்காக எழுதியே கடனைக் காலாவதியாக்கிய சங்கங்கள் உண்டு. கோப்பு கனமாக இருக்கும், கடன் செத்திருக்கும். கடன்பட்டவர் அந்த மூன்று ஆண்டுக்குள் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் மட்டுமே, கையொப்பமிட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். பகுதித் தொகை கொடுத்தாலும் அவ்வாறே. ஆனால் அந்தக் கொடுப்பு அவர் கையெழுத்திலோ கையொப்பத்தோடோ எழுத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆகவே கடிதத்துக்குப் பணம் வராமல் சீட்டு மட்டும் கையொப்பத்தோடு திரும்பி வந்தாலும், அந்தக் கடிதம் வீண் போகவில்லை. தொகையைப் பற்றிய வாதம் அன்றோடு முடிந்தது.

வருமான வரி விஷயத்தையும் கடிதத்தில் சேர்க்கலாமா என்று சில காரியதரிசிகள் கேட்கிறார்கள். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் புகுத்தி, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்லும் நாளுக்குள் பணம் தராத வியாபாரி, அந்தக் கொள்முதல் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். கேட்பதற்குப் பலமாக இருக்கிறது. ஆனால் செப்டம்பர் மாதத்தில் இதை எழுதினால் கடைக்காரரின் கணக்கர் சிரிப்பார். மார்ச் 31க்குள் கொடுத்துவிட்டால் அவ்வாண்டுக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம் அல்லவா? பிப்ரவரியில் பாக்கி நிற்குமானால் அப்போது இந்த வரிக்கு வேலை உண்டு. இப்போது வேண்டாம்.

கடிதத்தை எவ்வாறு அனுப்புவது? கைப்பேசிச் செய்தியில் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கடைக்காரர்கள் பலரும் இருக்கும் பொதுக் குழுவில் பாக்கியைப் போடுவது மானக் கேடு பற்றிய வழக்குக்கு நாமே வழி திறப்பதாகும். பாக்கி கேட்டு அஞ்சலட்டை எழுதக் கூடாது என்று முன்னாளைய வியாபாரிகள் வைத்திருந்த வழக்கத்தின் நியாயமும் இதுவே. தபால்காரர் படிக்கும்படி ஒருவருடைய கடனை எழுதலாகாது. உறையிலிட்டு, பட்டியலில் உள்ள உரிமையாளர் பெயரும் கடைப் பெயரும் பிழையின்றி எழுதி, தபாலில் சேர்ப்பிக்க வேண்டும். பழைய பழக்கத்தில் "பதிவுத் தபாலில் அனுப்பு" என்று தீர்மானம் எழுதும் சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025இல் உள்நாட்டுப் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவுத் தபாலில், சேர்ப்பித்ததற்கான சான்றுடன் அனுப்பி, தபால் ரசீதை அலுவலக நகலின் பின்னே ஒட்டி வைக்க வேண்டும். அதே கடிதத்தின் படத்தை மின்னஞ்சலிலும் அனுப்பலாம். முந்திய நாள் தொலைபேசியில், "நாளைக்கு ஒரு கடிதம் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம், கணக்குக்காக எழுதுகிறோம்" என்று சொல்லிவிடுவதிலும் தவறில்லை. பழகிய மனிதருக்கு அது மரியாதை.

இக்கடிதத்துக்கு மூன்று விதமான பதில் வரலாம். பணம் முழுவதும் வந்தால் வரவு வைத்து ரசீது அனுப்பி, வட்டி விஷயத்தைக் குழுவுக்குக் கொண்டு செல்லுங்கள். பகுதிப் பணம் வந்தால், "மீதி எப்போது" என்று எழுத்தில் ஒரு தேதி வாங்காமல் விடாதீர்கள். காசோலையாக வந்து திரும்பிவிட்டால் அதற்கு வேறு சட்டமும் வேறு கெடுவும் உண்டு. திரும்பிய செய்தி வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் நினைவுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

பதிலே வராமலும் இருக்கலாம். அப்போது எங்கே செல்வது என்பதில் குழப்பம் மிகுதி. சில சங்கத்தார் பதிவாளரிடம் தாவா மனுக் கொடுக்கிறார்கள். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983இன் 90ஆம் பிரிவு, சங்கத்துக்கும் அதன் அங்கத்தினருக்கும் இடையேயும், ஒரு சங்கத்துக்கும் மற்றொரு பதிவு பெற்ற சங்கத்துக்கும் இடையேயும் எழும் தாவாக்களுக்கு உரியது. வெளியார் ஒருவரின் ஜவுளிக்கடை அதில் வாராது. சரக்கு வாங்கியது மற்றொரு கூட்டுறவுப் பண்டகசாலையானால் பதிவாளரிடம் செல்லுங்கள். தனிக் கடையானால் வசதியாக்க மன்றமோ, உரிமையியல் நீதிமன்றமோதான். மன்றத்தில் முதலில் இணக்கப் பேச்சும், அது முடியாவிடில் நடுவர் தீர்ப்பும் நடைபெறும். விண்ணப்பத்துடன் கேட்கப்படுபவை ஆர்டர், பட்டியல், சரக்குச் சீட்டு, நாம் எழுதிய கடிதம் ஆகியவைதாம். மேலே எழுதிய கடிதம் அப்போது கடைக்காரர் அல்லாத ஒருவரால் முதன்முறையாகப் படிக்கப்படும். அதில் வசைச் சொல் இருந்தால் படிப்பவர் முகம் சுளிப்பார். தேதியும் தொகையும் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. இதே கடைக்காரர் தீபாவளிக்கு இன்னும் 200 விரிப்புகள் கேட்டால் அனுப்பலாமா? 2025இல் தீபாவளி அக்டோபர் 20. செப்டம்பர் மூன்றாம் வாரம் என்பது அவருக்குச் சரக்கு மிகவும் தேவையான காலம். நமக்கும் தேங்கிய சரக்கை விற்க வேண்டிய காலம். பழைய பாக்கி தீரும் வரை ஒன்றும் இல்லை என்று கதவை அடைப்பதை நாம் எல்லா இடத்திலும் சரியென்று சொல்லமாட்டோம். முன் பணம் பெற்று, பணம் பெற்ற அளவுக்குச் சரக்கு அனுப்பலாம். பழைய 60,000 தனியே நிற்கும். ஆனால் புதிதாக வரும் பணத்தைப் பழைய பாக்கிக்கு வரவு வைத்துவிட்டுப் புதுச் சரக்கைக் கடனாக அனுப்பினால், பேரேட்டில் பழைய பாக்கி மறைந்து, அதே தொகை புதுப் பாக்கியாக இளமையோடு நிற்கும். வங்கிக்கும் குழுவுக்கும் கணக்கு அழகாகத் தெரியும். எந்தப் பட்டியலுக்கு எந்த வரவு என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு, அதன்படியே பதிய வேண்டும். ஆய்வின்போது நாம் பேரேட்டில் இதைத்தான் முதலில் தேடுகிறோம்.

அலுவலக நகலின் மேல் மூலையில் 26-9-2025 என்று சிவப்பு மையில் எழுதி, அதே தேதியை நாட்குறிப்பிலும் குறித்து வையுங்கள். 27ஆம் தேதி சனிக்கிழமை காலையில் வங்கிக் கணக்கைப் பார்த்து, வந்ததா இல்லையா என்று அந்த நகலிலேயே காரியதரிசி ஒரு வரி எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாராவிட்டால் அந்த நகல் அடுத்த குழுக் கூட்டத்தின் பொருள் நிரலோடு செல்லட்டும்.